சாணும் முழமும்: வெல்டிங் புகையைப் பிடிக்கும் கணக்கு

திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கம் எந்த வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். ஷெட்டின் பின்சுவரில், பன்னிரண்டு அடி உயரத்தில், பதினெட்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு இருபது அடி தள்ளி, இரும்பு மேசையின் மேல் குனிந்து ஒருவர் ராடு வைத்துக்கொண்டிருப்பார். ஆர்க் பற்றியதும் நீலம் கலந்த வெண்புகை ஒரு கோடாக மேலே எழும். குனிந்திருக்கும் அவருடைய முகக்கவசத்தின் கீழ்விளிம்பில் முட்டி, கழுத்துப் பக்கமாக உள்ளே சுருண்டு, பிறகு தலையைச் சுற்றி விலகி, கூரையை நோக்கி மெல்லப் போகும். சுவரிலுள்ள ஃபேன் அதை இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் அவருடைய மூச்சு அதற்கு முன்பே அந்தப் புகையை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

1960களில் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு அதைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. 1975-இல் பி.எச்.இ.எல். நிறுவனம் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திருச்சியில் தொடங்கியது. வெல்டிங் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. புகையைப் பிடிக்கும் கணக்கு மட்டும் பட்டறைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணக்கோ பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் போட்டுப் பார்க்கக்கூடியதுதான்.

அந்தப் புகை வெறும் கரியல்ல. ஆர்க்கின் சூட்டில் ராடின் உலோகமும் அதன்மேல் பூசிய ஃப்ளக்ஸும் ஆவியாகி, காற்றில் பட்டதும் குளிர்ந்து, மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக உறைகின்றன. மூக்கு முடியும் சளியும் அவற்றைத் தடுக்காது. நேராக நுரையீரலின் அடிவரை போகும். சாதாரண இரும்பில் மாங்கனீசு இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆறு வேலன்ஸி குரோமியமும் நிக்கலும் சேரும். ஜி.ஐ. தகட்டைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை வந்து, அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையை 2017-இல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவுக்கு மாற்றியது. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2019-இல் அதைத் தொடர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டது. சாதாரண இரும்பை வெல்டிங் செய்தாலும் உள்ளரங்கில் பொதுக் காற்றோட்டம் போதாது, புகை கிளம்பும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் இது புதிய யோசனையுமல்ல. தூசும் புகையும் பற்றிப் பேசும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உறிஞ்சும் சாதனத்தைப் புகை பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்கச் சொன்னது.

‘அருகில்’ என்றால் எவ்வளவு அருகில்? எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

விறகடுப்பு ஊதியவர்களுக்கு ஊதுகுழல் தெரியும். ஒரு முழம் தள்ளி வைத்து ஊதினாலும் சாம்பல் பறக்கும், கங்கு சிவக்கும். அதே குழலில், அதே தூரத்திலிருந்து, மூச்சை உள்ளே இழுத்தால் சாம்பல் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரு கோடாகப் போகிறது. உறிஞ்சும்போது குழல் வாய்க்கு முன்னால், பக்கத்தில், பின்னால் என்று எல்லாத் திசையிலிருந்தும் காற்று ஓடிவருகிறது. வாயைவிட்டு விலக விலக அந்த இழுப்பு பரந்த கோளமாகச் சிதறிவிடுகிறது. பட்டறையில் வைக்கும் ஹூடுக்கும் இதுவே விதி. ஆறு அங்குலக் குழாயின் வாயில் காற்று எந்த வேகத்தில் நுழைந்தாலும், ஆறு அங்குலம் தள்ளிப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இதை 1930களில் அளந்து சூத்திரமாக்கியவர் டல்லாவேல் என்ற அமெரிக்கப் பொறியாளர். புகை எழும் இடத்துக்கும் ஹூடின் வாய்க்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பத்தால் பெருக்க வேண்டும். அதோடு ஹூட் வாயின் பரப்பைக் கூட்ட வேண்டும். வந்ததை, புகை எழும் இடத்தில் நமக்கு வேண்டிய காற்று வேகத்தால் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் காற்று உறிஞ்ச வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

Q = V(10X² + A)

இதிலுள்ள V-தான் பிடிப்பு வேகம். புகையை அதன் போக்கிலிருந்து திருப்பி ஹூடுக்குள் இழுக்க, புகை இருக்கும் இடத்தில் காற்று நகர வேண்டிய குறைந்தபட்ச வேகம் அது. வெல்டிங்குக்கு வினாடிக்கு 0.5 முதல் 1 மீட்டர் வரை என்பது கைநூல்கள் தரும் அளவு. காற்று அவ்வளவாக வீசாத இடத்துக்கு 0.5 போதும். கூட்டிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று தோன்றும், அப்படியில்லை. சி.ஓ.2 வெல்டிங்கிலும் டிக் வெல்டிங்கிலும் உருகிய உலோகத்தை ஒரு வாயுப் போர்வைதான் காக்கிறது. ஆர்க்கின் அருகே காற்று வேகம் 1 மீட்டரை நெருங்கும்போதே அந்தப் போர்வை கலையத் தொடங்கும். பிறகு தையலில் ஊசித்துளைகள் விழும். “ஹூட் வைத்ததிலிருந்து வேலை ரிஜெக்ட் ஆகுது” என்று வெல்டர் சொன்னால் அவரைக் குறை சொல்வதற்கில்லை; ஹூட் தேவைக்கு மேல் நெருக்கமாகவோ வேகமாகவோ இருக்கிறது.

இப்போது ஒரு பட்டறையை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மேசை, இரண்டு வெல்டர்கள். ஒவ்வொருவருக்கும் இழுத்த இடத்தில் நிற்கும் வளைகை ஒன்று. அதன் நுனியில் 150 மி.மீ., அதாவது ஆறு அங்குல வாயுள்ள ஹூட். அந்த வாய் ஆர்க்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுமார் 25 செ.மீ.யில் நிற்கிறது என்று கொள்வோம். பிடிப்பு வேகம் 0.5. சூத்திரத்தில் போட்டால் மணிக்கு 1,157 கன மீட்டர் காற்று வேண்டும். வெல்டர் மறந்துபோய் ஹூடை ஒரு முழத்துக்கு, 50 செ.மீ.க்குத் தள்ளிவிட்டால்? 4,500 கன மீட்டருக்கு மேல். சாண் முழமானால் தூரம் இரட்டிப்புத்தான். காற்றுத் தேவையோ ஏறக்குறைய நான்கு மடங்கு. எந்த ப்ளோயரும் அந்த நான்கு மடங்கைத் தானாகத் தரப்போவதில்லை. ஆகவே முழம் தள்ளி நிற்கும் ஹூட் சத்தம் போடுமே தவிர புகையைப் பிடிக்காது.

இங்கே செலவில்லாத உதவி ஒன்று உண்டு. ஹூட் வாயைச் சுற்றித் தட்டையான தகட்டு விளிம்பு ஒன்றை வைத்தால், பின்பக்கத்துச் சுத்தமான காற்று வீணாக ஓடிவருவது தடைபடும். தேவை நான்கில் ஒரு பங்கு குறைந்து 868 கன மீட்டர் ஆகிவிடும். ஒரு துண்டுத் தகடும் அரை மணி நேர வேலையும் ப்ளோயர் திறனில் கால்பங்கை மிச்சம் பிடிக்கின்றன. அப்படியும் எத்தனையோ பட்டறைகளில் குழாய் வெறும் வாயோடு தொங்குவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

ஹூடை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் முக்கியம். மேசைக்கு நேர்மேலே குடை போலத் தொங்கவிடுவது பலருக்கும் பிடித்த ஏற்பாடு. சமையலறைச் சிம்னியைப் பார்த்துப் பழகிய கண். சூடான புகை மேலேதான் போகும், ஆகவே மேலே வைப்பது இயற்கை என்ற நினைப்பு. ஆனால் மேசைக்கும் குடைக்கும் நடுவில் இருப்பது வெல்டரின் முகம். புகை குடைக்குள் போய்ச் சேர்ந்தாலும் அவரைக் கடந்துதான் சேர்கிறது. ஹூட் பக்கவாட்டில் அல்லது எதிர்ப்புறத்தில், ஆர்க்குக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். புகை அவரை விட்டு விலகிப் போக வேண்டும்.

ஒரு வளைகைக்கு 868, இரண்டுக்கும் சேர்த்து 1,736 கன மீட்டர். இனி இந்தக் காற்றைக் கூரைக்கு மேல் கொண்டுபோகும் டக்ட். புகைத் துகள் மிக நுண்ணியது, எந்த வேகத்திலும் மிதந்து போகும் என்று நினைத்துப் பெரிய குழாயாகப் போட்டால் தப்பு. துகள்கள் போகும் வழியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனக்கின்றன. தெறிப்புத் துணுக்குகளும் தரைத்தூசும் கூடவே வருகின்றன. அதனால் வெல்டிங் புகையைச் சுமக்கும் டக்டில் காற்று வினாடிக்குப் பத்து முதல் பன்னிரண்டரை மீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். குறைந்தால் கிடைமட்டக் குழாயின் அடியில் மணல் போலப் படியத் தொடங்கும். ஆற்றில் நீரோட்டம் தளரும் இடத்தில் வண்டல் படிவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

நம் பட்டறையில் 868 கன மீட்டரை 150 மி.மீ. குழாயில் விட்டால் வேகம் 13.6 மீட்டர் வருகிறது. நல்ல அளவு. கையில் எட்டு அங்குலக் குழாய் மீதி இருக்கிறதே என்று அதைப் போட்டால் வேகம் 7.7-க்கு இறங்கிவிடும், சில மாதங்களில் படிவு கட்டும். நான்கு அங்குலத்தில் போட்டாலோ 30 மீட்டருக்கு ஏறி, ஊளைச் சத்தமும் கரண்டு பில்லும் மிஞ்சும். இரண்டு கிளைகளும் சேர்ந்த பிறகுதான் எட்டு அங்குலக் குழாய்க்கு வேலை. அதில் 15.3 மீட்டர் வேகம் கிடைக்கும். கிளை சேரும் இடத்தில் நேர்க்கோணத்தில் முட்டவிடாமல், ஓட்டத்தின் போக்கிலேயே சாய்வாக இணைக்க வேண்டும். வளைவுகளும் கூர்மையான முழங்கை மடிப்பாக இல்லாமல் விரிந்த வளைவாக இருக்க வேண்டும்.

இதே டக்டில் கிரைண்டிங் தூசையும் விட ஆசை வரும். அதற்கு 18 முதல் 20 மீட்டர் வேகம் தேவை. மேலே போட்ட குழாய் அதைச் சுமக்காது. கிரைண்டிங் தீப்பொறி வெல்டிங் படிவில் விழுந்தால் குழாய்க்குள்ளேயே புகையும் அபாயமும் உண்டு. தனி ஹூட், தனிக் குழாய் என்பதே சரி.

அடுத்தது ப்ளோயர். அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். வாங்கப் போகிறவர் ‘எத்தனை சி.எஃப்.எம்.?’ என்று ஒரு கேள்வி கேட்கிறார். விற்கிறவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண், குழாயே இல்லாமல் திறந்த வெளியில் ஓடும்போது தள்ளும் காற்றாக இருக்கலாம். சுவரிலுள்ள பதினெட்டு அங்குல ஃபேனும் மணிக்கு 4,000 கன மீட்டருக்கு மேல் தள்ளும். நமக்கு வேண்டியதோ 1,736-தான். அப்படியானால் அதையே கழற்றி டக்டில் மாட்டிவிடலாமே? முடியாது. குழாயின் உராய்வும் வளைவும் ஹூட் வாயும் காற்றை எதிர்த்துப் பிடிக்கின்றன. அந்த எதிர்ப்பை வென்று இழுக்கும் அழுத்தம் விசிறி இறக்கைகளுக்குக் கிடையாது.

அந்த எதிர்ப்பை நீர்மட்ட மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். நம் பட்டறையில் காற்று ஹூடுக்குள் நுழைந்து வேகம் பிடிப்பதற்கே 17 மி.மீ. போகிறது. மடங்கி நீளும் வளைகை பெரிய தின்னி. அதற்கு ஒரு 31 வைக்க வேண்டும். ஆக, வளைகை முடிந்து தகட்டுக் குழாய் தொடங்கும் இடத்தில் 48. மூன்று மீட்டர் கிளைக் குழாயும் ஒரு வளைவும் இணைப்பும் சேர்ந்து 10. பத்து மீட்டர் பிரதானக் குழாய்க்கும் அதிலுள்ள இரண்டு வளைவுகளுக்கும் 21. மொத்தம் 79, சுமார் 80 மி.மீ. சுவர் ஃபேன் 10 மி.மீ. எதிர்ப்பிலேயே திணறிப்போகும். நத்தைக்கூடு வடிவில் உறையும் உள்ளே சக்கரமும் உள்ள சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர்தான் இந்த வேலைக்கு ஆள்.

அதிலும் வகை உண்டு. இறக்கைகள் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்த சக்கரம், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். குழாயில் எதிர்ப்பு எதிர்பாராமல் குறைந்தாலும் மோட்டாரைச் சுமையேற்றிக் கருக்காது. வெல்டிங் புகைக்கு இது பொருத்தம். முன்னோக்கி வளைந்த, நெருக்கமான சிறு இறக்கைகள் கொண்ட ஏசி ப்ளோயர் விலை குறைவு. ஆனால் இறக்கை இடுக்குகளில் புகை ஒட்டி அடைத்துக்கொள்ளும். கிரைண்டிங் தூசு போகும் தனிக் குழாய்க்கு நேரான இறக்கை.

கசிவுக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் 1,900 கன மீட்டர். ஓட்டம் கூடினால் எதிர்ப்பு அதன் வர்க்கமாகக் கூடும் என்பதால் 95 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ப்ளோயரின் திறன் அறுபது விழுக்காடு என்றால் தண்டுக்கு ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தேவைப்படும். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் போதும். இந்தக் கணக்கு, புகையை வடிகட்டாமல் கூரைக்கு மேல், ஜன்னல்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் எட்டாத உயரத்தில் நேராக மேல்நோக்கி விடுவதற்கானது. வடிகட்டி வைத்தால் அது அழுக்கேறிய நிலையில் எவ்வளவு எதிர்ப்புக் காட்டும் என்பதையும் கூட்ட வேண்டும். எதிர்ப்பு இரு மடங்காகிவிடலாம். மோட்டாரும் அதற்கேற்ப ஏறும். புகைபோக்கியின் உச்சியில் தொப்பி கவிழ்ப்பது வேண்டாம். மழையைத் தடுப்பதைவிடப் புகையைக் கீழே திருப்பி அனுப்புவதே அதன் பெரிய வேலையாக இருக்கும்.

மாட்டி முடித்த பிறகும் தவறுகள் வரும். அவற்றில் மிகவும் ஏமாற்றுவது மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர் மாறிப்போவது. மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும். அளவு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சத்தம் வரும், ஹூட் வாயில் காகிதம் ஒட்டும், எல்லாம் சரி என்று தோன்றும், புகை மட்டும் போகாது. உறையின் மேல் வரைந்துள்ள அம்புக்குறியோடு தண்டு சுற்றும் திசையை ஒப்பிட ஒரு நிமிடம் ஆகாது. சப்ளை ஒயரை யாராவது கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும்.

இழுப்புப் போதவில்லை என்றால் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது கைவந்த வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் கூடும். மின்சக்தியோ வேகத்தின் கன மடங்காகக் கூடும். காற்றைக் கால்பங்கு கூட்ட நினைத்தால் மோட்டாரின் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் அந்த வாரமே புகைந்தால் ஆச்சரியமில்லை. மூன்றாவது வெல்டர் வந்துவிட்டார் என்று அதே பிரதானக் குழாயில் துளைபோட்டு இன்னொரு வளைகையைச் செருகுவதும் இதே வகைதான். மூவருக்கும் கிடைப்பது இருவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு; ப்ளோயருக்குத் தொலைவில் இருப்பவருக்கு மிகவும் குறைவு.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சங்கடம், பெடஸ்டல் ஃபேன். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே தோல் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டு நிற்பவரிடம் ஃபேனை நிறுத்தச் சொல்வது அநியாயம். ஆனால் அந்தக் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஹூட் ஒரு சாண் தூரத்தில் உண்டாக்கும் இழுப்பு 0.5. புகை எதன் பின்னால் போகும் என்று சொல்லத் தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்தாலும் பயனில்லை. உடல் மறைப்பில் முகத்துக்கு முன்னால் காற்று சுழன்று, புகையை மூக்கருகே நிறுத்திவிடும். கூரைக்கு வெப்பத்தடுப்பு அடிப்பதும், கீழே அகலமான திறப்புகள் வழியாக மெதுவாகக் காற்று வரவிடுவதும்தான் இரண்டு பக்கத்துக்கும் நியாயமான வழி. ப்ளோயர் வெளியே தள்ளும் 1,900 கன மீட்டருக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்தத் திறப்புகள் அதற்கும் உதவும்.

இழுப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஆர்க் நிறுத்திய நேரத்தில், தையல் போடும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் அதன் புகை தயங்காமல் ஹூடுக்குள் திரும்ப வேண்டும். அலைந்து பிரிந்தால் ஹூட் தூரம் அல்லது குறுக்குக் காற்று. நாள்தோறும் கவனிக்க இன்னொரு எளிய கருவி, வளைகை முடியும் இடத்தில் குழாயில் சிறு துளையிட்டு மாட்டும் ‘யு’ வடிவ பிளாஸ்டிக் குழாயும் அதில் நிறம் கலந்த தண்ணீரும். எல்லாம் புதிதாகவும் சரியாகவும் இருக்கும் நாளில் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் நம் கணக்குப்படி 48 மி.மீ. காட்டும். அங்கே பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பிறகொரு நாள் அது 27-க்கு இறங்கியிருந்தால் காற்று முக்கால்வாசியாகிவிட்டது. அடைப்பு அந்தத் துளையைத் தாண்டி ப்ளோயர் பக்கம் இருக்கிறது, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. 48-ஐத் தாண்டி ஏறினால் அடைப்பு ஹூட் பக்கம். வளைகைக்குள் யாரோ துடைக்கும் துணியைத் தவறவிட்டிருக்கக்கூடும். கிடைமட்டக் குழாயை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், படிவு கட்டிய இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் ப்ளோயர் வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “மணிக்கு 1,900 கன மீட்டர், 95 மி.மீ. நீர்மட்டம், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமா? அந்தப் புள்ளியை உங்கள் வரைபடத்தில் காட்டுங்கள்.” எண்கள் உங்கள் பட்டறைக்கு ஏற்ப மாறும். ஆனால் அந்த வரைபடத்தைக் காட்டாத இடத்தில் ப்ளோயர் வாங்காதீர்கள்.